ஜெனரேட்டரா, மலிவு இன்வெர்ட்டரா: போன் சார்ஜருக்கு எது ஆபத்து?

கோடியக்கரைக்காரன்:
கஜா புயல் வந்த 2018 நவம்பரில் எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. இந்த மழைக்காலத்துக்கு முன்பே தயாராக இருக்கலாம் என்று 12 வோல்ட் பேட்டரியில் மாட்டும் 150 வாட் மலிவு இன்வெர்ட்டர் ஒன்று வாங்கினேன். மல்டிமீட்டரில் பார்த்தால் 180 வோல்ட்தான் காட்டுகிறது. பக்கத்து வீட்டில் 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் இருக்கிறது, 230 சரியாக வருகிறது. ஆனால் அதில் அரை எச்பி தண்ணீர் மோட்டாரும் ஓடும். போன் சார்ஜ் போட எது நல்லது?

மோட்டார் முத்து:
இன்வெர்ட்டரைத் தொடாதீர்கள் தம்பி. அது ஸ்கொயர் வேவ், சதுரமாக ஏறி இறங்கும் கரண்ட். போன் எல்லாம் வீட்டுக் கரண்ட் மாதிரி வளைந்து ஏறி இறங்கும் நல்ல சைன் வேவுக்காகச் செய்தது. என் வீட்டில் அதே மாதிரி ஒன்றில் கொசு பேட்டைச் சார்ஜ் போட்டேன், பத்தே நிமிடத்தில் புகை. ஒரு எல்இடி நைட் லாம்பும் போச்சு. ஜெனரேட்டர் சுத்தமான 230 தருகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள், அப்புறம் என்ன யோசனை?

வல்லைவெளி:
முத்து அண்ணை, நான் யாழ்ப்பாணப் பக்கம். 2022இல் எங்களுக்கு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு இருந்தது. ஜெனரேட்டர் வைச்சிருந்தவைக்கும் பெற்றோல் இல்லை. ஒரு பழைய கார் பற்றறியும் மலிவு இன்வெர்ட்டரும்தான் எங்கட வீட்டை ஓட்டினது. மூண்டு போன், ஒரு ரவுட்டர், மாசக்கணக்கா. ஒண்டுக்கும் ஒண்டும் நடக்கேல்லை. ஸ்கொயர் வேவ் போனைக் கொல்லும் எண்டால் எங்கட போன்கள் எப்பவோ செத்திருக்க வேணும்.

மோட்டார் முத்து:
உங்களுக்கு அதிர்ஷ்டம். என் கொசு பேட்டுக்கு இல்லை.

சால்டர் வாசம்:
இருபது வருடமாக சர்வீஸ் டேபிளில் உட்கார்ந்திருக்கிறேன். முத்து சார் சொன்ன புகை உண்மைதான், ஆனால் அதைப் போன் சார்ஜருக்குப் பொருத்தக் கூடாது. கொசு பேட்டைத் திறந்தால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது. ஏ.சி. நேராக ஒரு கெப்பாசிட்டர் வழியாகப் போகும், கரண்டை அளந்து விடுவதே அதுதான். அலை செங்குத்தாக ஏறினால் அதே கெப்பாசிட்டர் அதிகக் கரண்டை விட்டுவிடும். மலிவு நைட் லாம்பும் இதே ஜாதி.

போன் சார்ஜர் வேறு. வருகிற ஏ.சி.யை வாசலிலேயே நான்கு டயோடு வைத்து டி.சி. ஆக்கி, ஒரு பெரிய கெப்பாசிட்டரில் தேக்கிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் அதன் வேலையே ஆரம்பம். அலை வட்டமா சதுரமா என்று அதற்குத் தெரியாது. அந்த அலையின் உச்சி எத்தனை வோல்ட் என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு.

உங்கள் வீட்டு 230 வோல்ட்டுக்கு உச்சி 325. அந்தக் கெப்பாசிட்டரில் அச்சடித்திருப்பது பெரும்பாலும் 400 வோல்ட். லைன் 283 வோல்ட்டைத் தொட்டால் உச்சி 400ஐத் தொட்டுவிடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, கோடியக்கரைத் தம்பி, உங்கள் ரெண்டில் எது 283ஐத் தாண்டும்? இன்வெர்ட்டர் அல்ல, அந்த ஜெனரேட்டர்தான்.

கோடியக்கரைக்காரன்:
அண்ணே, 230 காட்டும் ஜெனரேட்டர் ஆபத்து, 180 காட்டும் இன்வெர்ட்டர் பரவாயில்லையா? குழப்பமாக இருக்கிறது.

சால்டர் வாசம்:
முதலில் அந்த 180. உங்கள் மீட்டர் முந்நூறு நானூறு ரூபாய் ரகம் என்று நினைக்கிறேன். அது அலையின் சராசரியை எடுத்து, சைன் அலை என்று நம்பி 1.11ஆல் பெருக்கிக் காட்டும். உங்கள் இன்வெர்ட்டர் தருவதோ 325க்கு ஏறி, கொஞ்ச நேரம் நின்று, பூஜ்யத்துக்கு இறங்கி, கொஞ்ச நேரம் சும்மா இருந்து, மறுபக்கம் போகும் அலை. பாதி நேரம் 325, பாதி நேரம் பூஜ்யம் என்று வைத்தால் சராசரி 162. அதை 1.11ஆல் பெருக்கினால் 180. உண்மையான மதிப்பு 230தான். இன்வெர்ட்டர் சரியாக இருக்கிறது, மீட்டர்தான் பொய் சொல்கிறது. எந்த அலையாக இருந்தாலும் உண்மையான மதிப்பைக் காட்டும் ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டர் இருக்கிறவரிடம் ஒரு தடவை வாங்கிப் பாருங்கள்.

ஜெனரேட்டருக்கு வருவோம். சின்ன ஜெனரேட்டரில் பலதும் வோல்டேஜைக் கெப்பாசிட்டர் ஒன்றின் தயவில் பிடித்துவைப்பவை. எஞ்சின் வேகம் கூடினால் வோல்டேஜும் கூடும். மோட்டார் ஓடும்போது எஞ்சின் முக்கிக்கொண்டு பெட்ரோலை அதிகம் இழுக்கும். அந்த நேரத்தில் மோட்டார் ஸ்விட்ச்சை அணைத்தால் சுமை போய்விட்டது என்று எஞ்சினுக்கு உடனே தெரியாது. எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இழுத்துப் பிடிப்பதற்குள் ஒரு எகிறு எகிறும். என் பெஞ்சில் இதே மாதிரி ஒரு செட்டை வைத்துப் பார்த்திருக்கிறேன். மோட்டார் ஓடும்போது 205, அணைத்த நொடியில் மீட்டரின் மேக்ஸ் 280 பக்கம், அப்புறம் 240இல் நின்றது. மீட்டரே அவ்வளவு பிடித்தது என்றால் நிஜமான எகிறு அதைவிடக் கூடவே இருந்திருக்கும். அன்று மாட்டியிருந்த பெயரில்லா சார்ஜரில் கெப்பாசிட்டர் தலை உப்பிவிட்டது. கூட இருந்த நல்ல சார்ஜருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பந்தல் சர்வீஸ்:
எகிறு என்றால் நான் பார்த்தது. ஒரு கல்யாணத்துக்கு மூன்று பேஸ் ஜெனரேட்டர் போட்டோம். நியூட்ரல் லக் சரியாக இறுக்கவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் மிக்சர் நின்றதும் மண்டப ரூமில் மாட்டியிருந்த சார்ஜர் எல்லாம் பட்டாசு மாதிரி. மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு நான்தான் பணம் கட்டினேன். அதனால் ஜெனரேட்டர் என்றாலே நியூட்ரலைப் பாருங்கள்.

சால்டர் வாசம்:
அண்ணே, உங்களுடையது பெரிய செட். நியூட்ரல் விட்டால் ஒரு பேஸில் கிட்டத்தட்ட 400 வோல்ட் வரை ஏறலாம், எந்தச் சார்ஜரும் தாங்காது. தம்பியுடையது ஒரு பேஸ் சின்ன செட், அந்த விதத்தில் அதற்கு அந்தப் பயம் இல்லை.

கயல் திருவாரூர்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டு ஜெனரேட்டரில் போட்டால் போன் சூடாகவில்லை, சார்ஜும் ஏறுகிறது. ஆனால் தொடுதிரை தானாகவே எங்கெங்கோ தொடுகிறது. அம்மாவுக்குப் போன வாரம் தானாகவே வீடியோ கால் போய்விட்டது. போன் கெட்டுப்போய்விட்டதா?

சால்டர் வாசம்:
கெடவில்லை அம்மா. சார்ஜரைப் பிடுங்கிவிட்டுத் தொட்டுப் பாருங்கள், சரியாகிவிடும். ஜெனரேட்டருக்கு எர்த் இல்லாததும் சார்ஜர் மலிவானதும் சேர்ந்தால் கரண்டின் இரைச்சல் போன் வழியாக உங்கள் விரலுக்கு வரும், திரை அதைத் தொடுதல் என்று நினைக்கும். ஆனால் மெட்டல் விளிம்பில் சுரீர் என்று இருந்தால் அந்தச் சார்ஜரைத் தூக்கிப்போடுங்கள். டூப்ளிகேட்டுகளில் கரண்ட் பக்கத்தையும் போன் பக்கத்தையும் பிரிக்கும் இடத்தில் சாதாரணக் கெப்பாசிட்டரை வைத்திருப்பார்கள். ஒரு எகிறில் அது ஷார்ட் ஆனால் 230 போனுக்கும் வரும், போனைப் பிடித்திருக்கும் ஆளுக்கும் வரும். போன் போனதைவிட எனக்கு அதுதான் பயம்.

மோட்டார் முத்து:
சரி, இன்வெர்ட்டரே எதற்கு? 12 வோல்ட் பேட்டரி இருக்கும்போது கார் சார்ஜரை நேராக மாட்டினால் போதுமே என்று அடுத்து சொல்வீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்: நூறு ரூபாய் கார் சார்ஜர் ஒன்று என் மச்சானுடைய போனை வாசலிலேயே கொன்றது. உள்ளே இருந்த ஸ்விட்ச் ஷார்ட், 12 வோல்ட் நேராகப் போனுக்குள்.

சால்டர் வாசம்:
அது சரியான குத்து சார், ஒப்புக்கொள்கிறேன். சுவர் சார்ஜர் செத்தால் பெரும்பாலும் அமைதியாகச் சாகும், உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் தடுப்பு இருக்கிறது. கார் சார்ஜரில் அந்தத் தடுப்பு கிடையாது, செத்தால் பேட்டரி வோல்டேஜ் வெளியே வரலாம். பல போன்கள் உள்ளே தடுத்துக்கொள்ளும், எல்லாம் அல்ல. அதனால் நான் நடுவில் ஒரு பவர் பேங்க் வைப்பேன். எந்தக் கரடுமுரடு கரண்டாக இருந்தாலும் முதலில் பவர் பேங்க், அதிலிருந்து போன். அடி விழுந்தால் பவர் பேங்க் போகட்டும்.

இன்னொன்று. சில ஜெனரேட்டரின் முகத்திலேயே 12 வோல்ட் டி.சி. சாக்கெட் இருக்கும். அது பேட்டரி ஏற்றுவதற்கு. பேட்டரி இல்லாமல் வெறுமனே விட்டால் 12இல் நிற்காது. அதில் கார் சார்ஜரைச் சொருகாதீர்கள்.

வல்லைவெளி:
அப்ப நான் சொன்னது சரி, சதுர அலை ஒண்டும் செய்யாது.

சால்டர் வாசம்:
முழுசாக இல்லை. அலை செங்குத்தாக ஏறுவதால் ஒவ்வொரு தடவையும் கெப்பாசிட்டருக்குள் கரண்ட் குத்தாகப் பாயும். நுழைவாயிலில் இருக்கும் சின்ன ரெசிஸ்டர் அதைத் தாங்க வேண்டும். என் டேபிளுக்கு இன்வெர்ட்டர் வீடுகளிலிருந்து வரும் செத்த சார்ஜர்களில் அது கருகியதையே அதிகம் பார்க்கிறேன். போன் நன்றாக இருக்கும், சார்ஜர்தான் பேச்சில்லாமல் போயிருக்கும்.

வல்லைவெளி:
சுவர்க் கரண்டிலையும் சார்ஜர் சாகுதுதானே. இன்வெர்ட்டராலதான் எண்டு எப்படிச் சொல்லுறீங்கள்?

சால்டர் வாசம்:
நிரூபிக்க முடியாது. நான் பார்க்கிறதைச் சொன்னேன். நல்ல ஒரிஜினல் சார்ஜர் வருடக்கணக்கில் ஓடியதையும் பார்த்திருக்கிறேன்.

கோடியக்கரைக்காரன்:
ஜெனரேட்டர் எகிறுகிறதா என்று மீட்டர் இல்லாமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

சால்டர் வாசம்:
பழைய குண்டு பல்பு, 60 அல்லது 100 வாட். எல்இடி வேண்டாம், அது மறைத்துவிடும். மோட்டாரோடு அதே லைனில் போட்டுவிட்டு மோட்டாரை அணையுங்கள். பல்பு பளீரென்று அடித்து இறங்கினால் அங்கே சார்ஜர் வேண்டாம். மோட்டார் இல்லாமலே பல்பு மூச்சு வாங்குவது போல மங்கி மங்கி எரிந்தால் எஞ்சின் வேகம் ஏறி இறங்குகிறது, கார்புரேட்டர் அழுக்கு. பெட்ரோல் தீரும் நேரத்திலும் அப்படித்தான். ஸ்டார்ட் செய்து ரெண்டு மூன்று நிமிடம் கழித்துச் சொருகுங்கள், அணைப்பதற்கு முன்பே பிடுங்கிவிடுங்கள்.

மோட்டார் முத்து:
என்ன சொன்னாலும் நான் சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் வாங்குவேன்.

கோடியக்கரைக்காரன்:
நேற்று சாயந்திரம் பார்த்தேன். மோட்டார் அணைத்ததும் 60 வாட் பல்பு கண்ணைக் கூசியது, பக்கத்து வீட்டு அண்ணனே பயந்துவிட்டார். அவர் போனையும் இனி இங்கேதான் சார்ஜ் போடப் போகிறார். இன்வெர்ட்டர், பழைய ஒரிஜினல் சார்ஜர், பவர் பேங்க் என்று வரிசையாக வைத்துவிட்டேன். கொசு பேட்டை மட்டும் எதிலும் சொருகவில்லை.