"ஹலோ", "டெஸ்ட்" என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காணாமல் போகிறார்கள். ஏன்?

கதிர்
ஒரு செயலிக்கான வாட்ஸ்அப் உதவி எண்ணைப் பார்த்துக்கொள்கிறேன். வருவதில் பாதி "ஹலோ", "டெஸ்டிங்", வெறும் புள்ளி. பதில் போட்டால் அந்தப் பக்கம் மூச்சே இல்லை. நேற்று வந்த ஒன்று:

```
10:42  ஹலோ
10:42  (தானியங்கி) வணக்கம்! உங்கள் கோரிக்கை பெறப்பட்டது.
10:47  யாராவது இருக்கீங்களா
10:55  டெஸ்ட்
11:20  (நான்) வணக்கம், சொல்லுங்க
```

அப்புறம் எதுவும் வரவில்லை. பிரச்சினையை முதலிலேயே எழுதினால் என்ன?

சர்வர்காரன்
ஆட்கள் `ping` அடித்துப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். லைன் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்தால் போதும். தானியங்கிப் பதில் போகிறதே, வேலை முடிந்தது. இதில் நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை.

மாலா
எனக்கும் இதே தொல்லை! தெரியாத எண்ணிலிருந்து தினமும் "ஹாய்" வருகிறது. யாரென்று கேட்டால் உடனே முதலீடு, லாபம் என்று ஆரம்பிக்கிறார்கள். பிளாக் செய்துவிடுங்கள் கதிர்.

கதிர்
மாலா, உங்களுக்கு வருவது வேறு. எண்ணில் ஆள் இருக்கிறாரா என்று மோசடிக்காரர்கள் பார்க்கிறார்கள், அதற்குப் பதிலே போடக்கூடாது. எனக்கு எழுதுகிறவர்கள் எங்கள் பயனர்கள், பிளாக் செய்ய முடியாது.

பழைய ரேடியோ
`ping` உவமை பாதி சரி. `ping`குக்குப் பதில் சொல்வது அந்தக் கணினியின் நெட்வொர்க் அடுக்கு. மேலே ஓடும் வெப் சர்வர் செத்துக் கிடந்தாலும் அது பதில் சொல்லும். கதிரின் தானியங்கிப் பதிலும் அப்படித்தான். எண் வேலை செய்கிறது என்று சொல்கிறது, ஆள் இருக்கிறார் என்று சொல்லவில்லை.

நேரத்தைப் பாருங்கள். தானியங்கிப் பதில் அதே நிமிடத்தில் போய்விட்டது. இருந்தும் ஐந்து நிமிடம் கழித்து "யாராவது" என்று கேட்கிறார். இயந்திரம் பேசியது அவருக்குப் புரிந்துவிட்டது, மனிதரைத் தேடுகிறார். முன்பு எங்கோ நீளமாக எழுதி, பதிலே வராமல் ஏமாந்தவராக இருக்கலாம். போனில் பத்து வரி தட்டுவது சின்ன வேலையா? அதனால்தான் முதலில் ஒரே சொல்லைப் போட்டு ஆழம் பார்க்கிறார்.

அமெச்சூர் ரேடியோவில் எங்களுக்கும் இதே பிரச்சினை உண்டு. சோதனைக்கு அழைத்தவரிடம் "ஹலோ" என்று திருப்பிச் சொன்னால் அவருக்குப் பாதிதான் பயன். "ஐந்து ஒன்பது" என்போம். பேச்சு தெளிவாகக் கேட்கிறது என்பதற்கு ஐந்து, அதுதான் உச்சம். சிக்னல் பலமாக வருகிறது என்பதற்கு ஒன்பது. தன் குரல் இந்தப் பக்கம் எப்படி வந்து சேர்ந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் "சொல்லுங்க"வில் அது இல்லை. அவர் இந்தப் பக்கத்தைச் சோதித்தார், நீங்கள் அந்தப் பக்கத்தைச் சோதித்தீர்கள். அதுவும் 38 நிமிடம் கழித்து.

சர்வர்காரன்
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாரும் ஏமாந்தவர்கள் இல்லை. 1971-இல் ரே டாம்லின்சன் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு கணினிகளுக்கு இடையே அனுப்பிய முதல் நெட்வொர்க் மின்னஞ்சல்களே வெறும் சோதனைதான். என்ன எழுதினோம் என்பதே பிறகு அவருக்கு நினைவில்லை. புதுப் போன் வாங்கியவன் "டெஸ்ட்" போட்டால் அதற்குப் பின்னால் சோகக்கதை தேடாதீர்கள்.

பழைய ரேடியோ
அதுவும் நியாயம். அப்படிப்பட்டவர் ஒருமுறை போடுவார், நின்றுவிடுவார். கதிரின் ஆள் பதின்மூன்று நிமிடத்தில் மூன்று முறை தட்டியிருக்கிறார்.

கதிர், இரண்டு மாற்றம் செய்து பாருங்கள். தானியங்கிப் பதிலில் "இது தானியங்கி. ஆள் பார்க்க அரை மணி ஆகலாம், அதுவரை எழுதி வையுங்கள், அப்படியே படிப்போம்" என்று உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் கைப்பட எழுதும்போது, "உங்கள் மூன்று மெசேஜும் வந்தன. நான் கதிர், ஆறு மணி வரை இருப்பேன். எந்தத் திரையில் நின்றது? ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும்" என்று கேளுங்கள். பத்து வரியைவிட ஒரு படம் அவருக்குச் சுலபம்.

அப்படியும் பதில் இல்லையென்றால் டிக்கைப் பாருங்கள். ஒற்றை டிக் என்றால் உங்கள் மெசேஜ் அவர் போனுக்கே போகவில்லை. போன் அணைந்திருக்கலாம், நெட் இல்லாமல் இருக்கலாம், உங்களை பிளாக்கும் செய்திருக்கலாம். சாம்பல் நிற இரட்டை டிக் என்றால் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் படித்தாரா என்று சொல்ல முடியாது. நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்கள் நிறைய.

கதிர்
நான்கு நாள் ஓட்டிப் பார்த்தேன். நேற்றைய "ஹலோ" ஒன்றுக்கு நீங்கள் சொன்னபடி எழுதினேன். இரண்டு நிமிடத்தில் ஸ்கிரீன்ஷாட் வந்தது. பாஸ்வேர்டை மாற்றிய பிறகு உள்ளே போக முடியவில்லையாம். கூடவே, "போன மாதமே எழுதினேன், யாரும் பார்க்கவில்லை" என்று ஒரு வரி. தேடினால் உண்மைதான், பழைய மெசேஜ் பதிலில்லாமல் கிடக்கிறது.

முதலில் சொன்ன அந்த 10:42 ஆளுக்கும் எழுதினேன். இன்னும் ஒற்றை டிக்.

ராத்திரி இரண்டு மணிக்கு "ஹாய்" போட்டு, நாங்கள் பார்ப்பதற்குள் அழித்துவிடும் ஒருவரும் இருக்கிறார். அது என்ன கணக்கென்று யாருக்காவது புரிகிறதா?