மறு: ‘லீச் சாக்ஸ்’, ‘கெய்ட்டர்’ – வியாழனுக்குள் இரண்டு சொற்கள் வேண்டும்

சாந்தி, தங்கச்சிமடம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளி இயற்கை மன்றப் பிள்ளைகள் ஜூலையில் வால்பாறைப் பக்கம் மூன்று நாள் முகாமுக்குப் போகிறார்கள். கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியல் ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. பெற்றோருக்காக அதைத் தமிழாக்கி, வியாழன் மாலை அச்சகத்தில் கொடுக்க வேண்டும். அட்டை கடிக்காமலிருக்கக் காலில் போடும் லீச் சாக்ஸ், ஷூவுக்கு மேலே காலைச் சுற்றிக் கட்டும் கெய்ட்டர் என்ற இரண்டு பொருள்களில் நின்றுவிட்டேன்.

சென்ற ஆண்டு இரண்டுக்கும் சேர்த்து ‘அட்டைக் காலுறை’ என்று எழுதினேன். ஒரு பையன் அந்தத் துணிக் காலுறையை ஷூவுக்கு மேலே மாட்டிக்கொண்டு நடந்தான். அரை மணி நேரத்தில் அடித்துணி கல்லில் தேய்ந்து கிழிந்தது. ஷூவைக் கழற்றியபோது குதிகாலைச் சுற்றி ஏழெட்டு அட்டைகள். நம் ஊரில் கண்மாயில் மாட்டின் மீது ஏறும் அட்டையைத் தவிர வேறெதையும் பார்த்திராத பிள்ளை அவன். பயந்து அழுதான். உள்ளே போடுவதா, வெளியே போடுவதா என்று நான் எழுதிய சொல் அவனுக்குச் சொல்லவில்லை. இந்த ஆண்டு அந்தப் பிழை நேரக்கூடாது.

மேரி, பாம்பன்

டீச்சர், ‘அட்டை’ என்று மட்டும் அச்சடித்து எங்கள் தெருவுக்கு அனுப்பாதீர்கள். இங்கே அட்டை என்றால் கடல் அட்டைதான். 2001-இல் அதைப் பிடிக்கத் தடை வந்த பிறகு அந்தச் சொல்லைக் கேட்டாலே வீட்டில் பெரியவர்கள் முகம் மாறுகிறது. பள்ளிப் பிள்ளைகளை எதற்கு அட்டை பிடிக்க அழைத்துப் போகிறார்கள் என்று என் மாமியார் கேட்டார். பிடிப்பதற்கான உறை என்றே நானும் முதலில் நினைத்தேன்.

புலவர் சேதுராமன், தொண்டி

சகோதரி மேரி தொட்டது இலக்கணத்தின் நடு நரம்பை. ‘அட்டைக் காலுறை’ என்ற தொகையை விரித்தால் அட்டையால் ஆன காலுறை என்றும் வரும், அட்டைக்கு உரிய காலுறை என்றும் வரும். தடுப்பது என்ற வினை எங்கும் இல்லை. ஆகவே வினைத்தொகையாகக் கட்டுவோம்: ‘அட்டைதடு காலுறை’. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதை அச்சகத்துக்கும் சொல்லிவிடுங்கள். ‘தடுக்காலுறை’ என்று அடித்துவிடுவார்கள்.

கெய்ட்டருக்குப் பெரும்பாணாற்றுப்படையிலேயே வழி இருக்கிறது. பொருள் சுமந்து காட்டு வழியில் நடக்கும் வணிகர்களை ‘அடிபுதை அரணம் எய்திப் படம் புக்கு’ என்கிறது பாட்டு. அடியைப் புதைக்கின்ற அரண், அதாவது செருப்பு. நடப்பவனின் காலுக்கு ஒரு கோட்டை! அடியை மூடுவது அடிபுதை என்றால், கணைக்காலை மூடுவது ‘கணைபுதை அரணம்’. சுருக்கமாகக் ‘கணைபுதை’. இதைவிடத் தமிழான சொல் கிடைக்காது.

செல்வம், மண்டபம்

புலவர் ஐயா, ‘கணைபுதை’ என்றால் என் பேத்திக்கு அம்பு புதைந்த காயம் என்றுதான் தோன்றும். மாணவர் படையில் இருந்தபோது பூட்ஸுக்கு மேலே ஆங்க்லெட் கட்டியிருக்கிறோம். கெய்ட்டர் அதன் அண்ணன். எனவே ‘கணுக்கால் கவசம்’ என்று போடலாம். நல்ல கெய்ட்டர் இருந்தால் அட்டை ஏறாது, இரண்டு பொருள் எதற்கு? உப்புப் பொட்டலம் ஒன்றைக் காலில் கட்டிக்கொண்டால் முடிந்தது.

அருள், வால்பாறை (சொந்த ஊர் மண்டபம்)

செல்வம் அண்ணன் சொன்னதில் பாதி சரி. ஆங்க்லெட்டுக்கும் கெய்ட்டருக்கும் உறவு உண்டு. ஆனால் கெய்ட்டர் அட்டையைத் தடுக்காது. பதினோரு மழைக்காலமாக இங்கே வழிகாட்டியாக நடக்கிறேன். அது செய்யும் வேலையைச் சொல்கிறேன்.

கெய்ட்டர் அடியில் திறந்த குழாய். தடித்த நைலான் துணியில் செய்தது. முன்னால் ஒரு கொக்கி ஷூ கயிற்றில் மாட்டும். ஒரு வார் பாதத்தின் அடியில், குதிக்குச் சற்று முன்னே சுற்றி வரும். சேறும் பொடிக்கல்லும் புல் விதையும் ஷூவுக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளும். பசித்த அட்டை தீக்குச்சி அளவுதான் இருக்கும். ஷூவின் ஓரத்தில் ஏறி, கெய்ட்டரின் கீழ் விளிம்புக்கும் ஷூவுக்கும் இடையே நுழைந்து, நாக்கு வழியாக உள்ளே போய்விடும். அதன் பிறகு கெய்ட்டர் அதற்கு நல்ல மறைவிடம், நாம் பார்க்கவே முடியாது.

லீச் சாக்ஸ் அடி மூடிய பை. நெருக்கமாக நெய்த துணியில் தைத்தது, பின்னல் துணி அல்ல. கால்பந்துச் சாக்ஸ் போட்டு வரும் பிள்ளைகள் இதில்தான் ஏமாறுகிறார்கள்: காலில் இழுத்தவுடன் பின்னலின் கண்கள் விரிந்துவிடும், அட்டை அதன் வழியே கடிக்கும். அணியும் வரிசை இதுதான். முதலில் சாதாரணச் சாக்ஸ், அதற்குள் பேண்டைச் செருக வேண்டும், அதன் மேல் லீச் சாக்ஸ், கடைசியாக ஷூ. கயிற்றை முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கெண்டைச் சதையின் புடைப்புக்கு மேலே கட்ட வேண்டும். புடைப்புக்குக் கீழே கட்டினால் பத்து நிமிடத்தில் சரிந்துவிடும். கால் மரத்தால் கட்டு அதிகம் என்று அர்த்தம்.

உப்பு மழையில் கரைந்துபோகும். கடித்துக்கொண்டிருக்கும் அட்டையின் மேல் உப்பைப் போட்டால், குடித்ததை அது காயத்திலேயே கக்கக்கூடும். மெல்லிய முனைப் பக்கம் நகத்தை வைத்து ஒதுக்கினால் பிடி விடும். ரத்தம் உறையாமலிருக்க ஒன்றை அது செலுத்துவதால் சில மணி நேரம் கசியும். துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். சாந்தி டீச்சர், அந்தப் பையனிடம் இதை முதலில் சொல்லியிருந்தால் அழுதிருக்க மாட்டான்.

ஆகவே என் வேண்டுகோள், சொல் எதுவானாலும் ஒன்று ஷூவுக்கு உள்ளே போவது, மற்றது வெளியே நிற்பது என்று காட்ட வேண்டும். முதலாவதற்கு ‘உள்ளுறை’ என்றே வைத்தால் என்ன?

புலவர் சேதுராமன்

தம்பி அருள், உள்ளுறை என்ற சொல்லைக் கேட்டதும் நெஞ்சு நிறைந்தது. ஆனால் அது அகப்பாட்டின் சொத்து. உள்ளுறை உவமம் படிக்கும் மாணவன் சேற்றுக் காலை நினைக்கலாகாது. தவிர, செல்வம் அவர்களே, கணுக்கால் வேறு, கணைக்கால் வேறு. கணு என்பது மூட்டு. கணைக்கால் அதற்கும் முழங்காலுக்கும் இடைப்பட்டது. சேரன் கணைக்கால் இரும்பொறையின் பெயரில் அந்தச் சொல் இன்றும் நிற்கிறது. கெய்ட்டர் கணுக்காலில் தொடங்கினாலும் காப்பது கணைக்காலைத்தான்.

ஜமால், கீழக்கரை

எங்கள் வீட்டில் வாப்பா காலம் வரை சாக்ஸ் என்ற சொல்லே கிடையாது, மேஜோடு என்பார்கள். அதை மீட்கலாம் என்று எனக்கு ஆசை. இளையவர்களுக்குப் புரியாது என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

ஆனால் அருள் சொன்ன உள்ளே, வெளியே என்பதற்கு எங்கள் மார்க்க நூல்களில் ஒரு பழக்கம் உண்டு. தொழுகைக்கு முன் காலைக் கழுவுவதற்குப் பதிலாக, கணுக்கால் மறையும்படி அணியும் தோலுறையின் மேல் ஈரக் கையால் தடவிக்கொள்ளலாம். ஊரில் இருப்பவருக்கு ஒரு நாள், பயணிக்கு மூன்று நாள் என்று கணக்கு. அங்கே ‘உறை’ என்றாலே கால் முழுவதும் உள்ளே அடங்கியது என்று பொருள் படும். கத்திக்கு உறை, தலையணைக்கு உறை போல ஒரு பக்கம் மூடியது உறை. எனவே அடி திறந்த கெய்ட்டரை உறை என்று சொல்வதே தவறு. சென்ற ஆண்டுக் குழப்பத்தின் வேர் அதுதான் என்று நினைக்கிறேன்.

அருள்

ஜமால் காக்கா, இந்த இடத்தில்தான் முடிச்சு அவிழ்கிறது. அடி மூடியது உறை, சுற்றிக் கட்டுவது கட்டு. அட்டையுறை, சேற்றுக்கட்டு.

மேரி

சேற்றுக்கட்டு எனக்கு உடனே புரிகிறது, சேறுக்காகக் கட்டுவது. ஆனால் ‘அட்டையுறை’ புத்தகத்துக்குப் போடும் அட்டை போலல்லவா இருக்கிறது?

புலவர் சேதுராமன்

அதற்கு நம் கடற்கரையிலேயே மறுமொழி இருக்கிறது. மீன்வலை மீனைப் பிடிக்கும், கொசுவலை கொசுவைத் தடுக்கும். இரண்டும் ஒரே கட்டமைப்புடைய தொகை. எவரும் கொசு பிடிக்க வலை விரிப்பதில்லை. பழக்கமே பொருளைத் தருகிறது. ஆனால் அந்தப் பழக்கம் வர ஆண்டுகள் ஆகும், டீச்சருக்கு இருப்பதோ இரண்டு நாள். அதனால் ‘அட்டைதடு உறை’ என்று வினையோடு வையுங்கள் என்கிறேன். சேற்றுக்கட்டு எனக்கு உவப்பில்லை. புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவதும் கட்டுத்தானே? கணைபுதை என்பதிலிருந்து நான் இறங்கவில்லை.

செல்வம்

உப்பு விஷயத்தில் அருள் தம்பி சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மலைத் தோட்டங்களில் புகையிலைத் தூளைக் காலில் தடவிக்கொள்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது பலிக்கும்.

அருள்

பலிக்கும் அண்ணா, காய்ந்திருக்கும் வரை. மழையில் அடிக்கடி தடவ வேண்டும். பிள்ளைகள் கையில் புகையிலையைக் கொடுக்கச் சொல்லி நான் எழுத மாட்டேன்.

சாந்தி

நேற்று வகுப்பில் சோதித்துப் பார்த்தேன். விளக்கம் எதுவும் சொல்லாமல் மூன்று சொற்களைக் கரும்பலகையில் எழுதி, எந்த இடத்தில் அணிவது என்று வரையச் சொன்னேன். ‘கணைபுதை’க்குப் பெரும்பாலோர் தாளைக் காலியாக விட்டார்கள், ஐயா மன்னிக்க வேண்டும். ‘சேற்றுக்கட்டு’க்கு ஏறக்குறைய எல்லாரும் ஷூவுக்கு வெளியே கெண்டைக்காலைச் சுற்றி வரைந்துவிட்டார்கள். ‘அட்டைதடு உறை’ என்பதைக் கையுறை என்று எண்ணியவர்கள் சிலர் உண்டு. ‘கால்’ என்ற சொல் வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

அச்சுக்கு இப்படி அனுப்பியிருக்கிறேன்: ‘அட்டை தடுக்கும் காலுறை (ஷூவுக்கு உள்ளே)’, ‘சேற்றுக்கட்டு (ஷூவுக்கு வெளியே; இருந்தால் கொண்டுவரலாம்)’. மேரி சொன்னதற்காக, பட்டியலின் தலைப்பில் ‘காட்டு அட்டை’ என்று ஒரு வரி சேர்த்தேன். சேற்றுக்கட்டைக் கட்டாயம் என்று போடாததற்குக் காரணம், எங்கள் பிள்ளைகள் பலர் கயிறில்லாத கான்வாஸ் ஷூ அணிகிறார்கள். அதில் கொக்கி மாட்ட இடமில்லை, தட்டையான அடியில் வாரும் வழுக்கி முன்னே போய்விடும் என்று அருள் தனிக்கடிதத்தில் சொன்னார்.

புலவர் சேதுராமன்

‘அட்டை தடுக்கும் காலுறை’ என்பது சொல் அல்ல, சொற்றொடர். கலைச்சொல் ஒன்றைக் கேட்டு வந்தோம், விளக்கம் ஒன்றோடு திரும்புகிறோம். பெரும்பான்மை முடிவுக்குத் தலை வணங்குகிறேன், உடன்பாடு இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன். அடுத்த முகாமுக்குள் ‘அட்டைதடு காலுறை’யை வகுப்பில் ஒரு முறை சொல்லித் தாருங்கள்.

மேரி

எங்கள் தெருத் தையல்காரர் தைத்துத் தருகிறேன் என்கிறார், காடாத் துணியா, சீருடை ட்ரில் துணியா என்று கேட்கிறார்.

அருள்

ட்ரில் போதும் அக்கா. வெளிச்சத்துக்கு நேரே இழுத்துப் பிடித்துப் பாருங்கள். ஊசிக்கண் போல வெளிச்சம் தெரிந்தால் அந்தத் துணி வேண்டாம். வெளிர் நிறத்தில் எடுங்கள், ஏறும் அட்டை கண்ணுக்குத் தெரியும். பாதத்தின் பக்கத் தையலை இரட்டையாகப் போடச் சொல்லுங்கள், அந்த இடம்தான் முதலில் பிரியும். முழங்கால் பக்கம் ரப்பர் வைக்காமல் நாடா கோக்கச் சொல்லுங்கள்.