பேரியம்-137எம் அரை ஆயுள்: ஒரே மாதிரிக்கு இரண்டு விடை வருகிறது

சீசியம்-137 ஜெனரேட்டரிலிருந்து கழுவி எடுத்த பேரியம்-137எம் ஐசோமரின் அரை ஆயுளை அளக்கிறேன். கருவி 2 அங்குல சோடியம் அயோடைடு டிடெக்டர், கூடவே ஒற்றைச் சானல் அனலைசர். 10 விநாடிக்கு ஒரு எண்ணிக்கை, மொத்தம் அரை மணி நேரம்.

662 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமா உச்சியில் விண்டோ வைத்தால் 168 விநாடி வருகிறது, ஆனால் அக மாற்றத்தில் எலக்ட்ரான் வெளியேறிய பின் வரும் 32 கிலோ எலக்ட்ரான்வோல்ட் எக்ஸ் கதிரில் வைத்தால் 154. சரியான மதிப்பு சுமார் 153. இரண்டுமே ஒரே மட்டத்திலிருந்து கிளம்பும் போட்டிப் பாதைகள், ஆகவே தேய்வு வேகம் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? அதுதான் இடிக்கிறது.

பின்னணியைக் கழித்தாயிற்று. சீசியம் கசிந்திருக்குமோ என்று பார்த்தேன், அரை மணி கழித்து எண்ணிக்கை பின்னணி அளவுக்கே இறங்கிவிட்டது, அதனால் கசிவு இல்லை. டெட் டைம் தொடக்கத்திலேயே 3 சதவீதத்துக்குக் கீழ், திருத்தமும் செய்துவிட்டேன். அப்புறம் முதல் 2 நிமிடத் தரவை விட்டுவிட்டுப் பொருத்திப் பார்த்தால் 662 விண்டோவிலும் 156 வருகிறது!

என் காமா விண்டோ 640 முதல் 685 வரை, மிகக் குறுகல். எண்ணிக்கை அதிகமாக இருக்கும்போது போட்டோமல்டிப்ளையரின் கெயின் நகர்ந்து, உச்சி விண்டோவைவிட்டு விலகி, தொடக்க எண்ணிக்கை குறைந்துபோகிறது என்று சந்தேகப்படுகிறேன்.

முழு ஸ்பெக்ட்ரத்தையும் பார்க்கும் பல சானல் கருவி இல்லாமல் இந்த நகர்வை எப்படி உறுதி செய்வது?