பிஎம்பி பதிவேட்டில் ஆளைக் காணோம், அமேசான் சான்றிதழ் மட்டும் சரி என்கிறது. எதை நம்புவது?

கோவை எச்ஆர்:
நாற்பது பேர் வேலை செய்யும் சின்ன மென்பொருள் கம்பெனி எங்களுடையது. எச்ஆர் என்றால் நான் ஒருத்திதான். ப்ராஜெக்ட் மேனேஜர் வேலைக்கு ஒருவரைத் தேர்வு செய்திருக்கிறோம். பெயரை மாற்றி, ஆர். மணிகண்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா பெயர் ராமசாமி. ரெஸ்யூமில் இரண்டு சான்றிதழ்கள்: ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்குப் பிஎம்ஐ அமைப்பு கொடுக்கும் பிஎம்பி, அமேசானின் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட். இரண்டுக்கும் பிடிஎஃப் அனுப்பவில்லை. அமேசானுக்கு மட்டும் சரிபார்ப்பு எண்ணும் கிரெட்லி தளத்தில் உள்ள டிஜிட்டல் பேட்ஜின் லிங்க்கும் கொடுத்தார்.

aws.amazon.com/verification பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டேன். Manikandan R என்று பெயர் வந்தது, சான்றிதழும் காலாவதியாகவில்லை. பிஎம்ஐ பதிவேட்டில் First Name-இல் Manikandan, Last Name-இல் Ramasamy, நாடு இந்தியா என்று தேடினேன். ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஆஃபர் லெட்டர் போக வேண்டும். என்ன செய்யலாம்?

நேர்பட பேசு:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது மேடம்? பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் சான்றிதழ் போலி. ஒன்றில் பொய் சொன்னவர் இன்னொன்றிலும் சொல்வார். அடுத்த ஆளைப் பாருங்கள்.

இனிஷியல் இல்லாதவள்:
அவசரப்படாதீர்கள் சார், நான் அடிபட்டவள். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. தேர்வுக்குப் பதிவு செய்தபோது அந்தக் கட்டத்தை நிரப்பாமல் மேலே போகவே விடவில்லை, அதனால் என் பெயரையே இரண்டு தடவை போட்டேன். ஒரு கம்பெனி என் அப்பா பெயரை வைத்துத் தேடிவிட்டு 'ரெக்கார்டு இல்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இரண்டு நிமிட வேலை. நம் ஊர்ப் பெயர்களுக்கு ஏற்ற மாதிரி அந்தக் கட்டங்களை யாரும் போடவில்லை.

டிஜிலாக்கர் பிரியன்:
டிஜிலாக்கரில் பாருங்கள். டிகிரி சான்றிதழ் Issued பகுதியில் வந்தால் அசல். அவரே ஸ்கேன் செய்து ஏற்றியது என்றால் மதிப்பில்லை.

கோவை எச்ஆர்:
நன்றி சார், டிகிரி ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. நான் கேட்பது பிஎம்பி பற்றி.

இனிஷியல் மேடம் சொன்னதைக் கேட்டு மாற்றி மாற்றித் தேடினேன். Last Name-இல் Manikandan, First Name-இல் R என்று போட்டதும் ஒருவர் வந்தார்! பிஎம்பி, Active. பெற்றது 2017. அப்பாடா.

நேர்பட பேசு:
சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆள் இருக்கிறார். ஆஃபரை அனுப்புங்கள்.

பழைய பிஜிவி ஆள்:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். பதினோரு வருடம் பின்னணி சரிபார்ப்பு வேலை பார்த்தவன் சொல்கிறேன்: பெயர் வராமல் போவதைவிடப் பெயர் வந்துவிடுவதுதான் ஆபத்து. ஆர். மணிகண்டன் தமிழ்நாட்டில் எத்தனை பேர்? உங்கள் ஆள் பிஎம்பி எந்த வருடம் வாங்கியதாக ரெஸ்யூமில் எழுதியிருக்கிறார்?

கோவை எச்ஆர்:
2020 நவம்பர்.

பழைய பிஜிவி ஆள்:
அப்படியானால் 2017 இவர் இல்லை. தேதி முதலில், ஊர் அடுத்து, பெயர் கடைசி. பெயர் ஒன்றை வைத்து 'சரி' என்று டிக் போடுவதுதான் இந்த வேலையில் நான் அதிகம் பார்த்த தப்பு.

பதிவேட்டில் வராததற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கலாம். பொதுப் பட்டியலில் தன் பெயர் தெரிய வேண்டாம் என்று அவரே மறைத்திருக்கலாம், அதற்கு வழி உண்டு. அல்லது சான்றிதழ் உயிரோடு இல்லாமல் இருக்கலாம். பிஎம்பி மூன்று வருடம்தான். அதற்குள் பிடியு என்ற தொடர்பயிற்சிப் புள்ளிகள் 60 கணக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் ஒரு வருடம் இடைநிறுத்தம், அதற்குள்ளும் செய்யாவிட்டால் போய்விடும். திரும்ப வேண்டுமென்றால் தேர்வை மறுபடி எழுத வேண்டும். 2020 நவம்பர் என்றால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். அவரிடம் பிஎம்பி சான்றிதழையே கேளுங்கள். எண், முதலில் பெற்ற தேதி, காலாவதித் தேதி மூன்றும் அதில் இருக்கும்.

அமேசானையும் முடிந்ததாக நினைக்காதீர்கள். அந்தப் பக்கம் சொல்வது 'இந்த எண் உண்மையானது' என்பதை மட்டும். அந்த எண் உங்கள் முன்னால் உட்கார்ந்தவருடையது என்று அது சொல்லவில்லை. அதே பெயர்க்காரர் ஒருவர் பெருமைக்காக லிங்க்ட்இன்னில் போட்ட சான்றிதழிலிருந்து எண்ணை எடுத்துக் கொடுத்த கேஸ் நானே பிடித்திருக்கிறேன்.

கோவை எச்ஆர்:
அதை எப்படிப் பிடிப்பது? ஸ்கிரீன்ஷாட் கேட்கவா?

பழைய பிஜிவி ஆள்:
ஸ்கிரீன்ஷாட் வேண்டவே வேண்டாம். பிரவுசரில் வலது கிளிக் செய்து பெயரை மாற்றப் பத்து வினாடி போதும். பாஸ்வேர்டு கேட்பதும் கூடாது, சிலர் கேட்கிறார்கள்!

கிரெட்லி லிங்க் இருக்கிறதே, அதை வைத்தே முடிக்கலாம். முதலில் முகவரி www.credly.com/badges/ என்றுதான் தொடங்குகிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பிடிஎஃபில் உள்ள க்யூஆர் கோடை நம்பிப் போனால் அச்சு அசலாக அதே மாதிரி செய்த பக்கத்துக்குப் போய் நிற்பீர்கள். அப்புறம் அவரை வீடியோ காலில் வைத்துக்கொண்டு, அந்த பேட்ஜை ஒரு நிமிடம் பிரைவேட் ஆக்கச் சொல்லுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில், லாகின் இல்லாத விண்டோவில் பக்கத்தை மறுபடி திறங்கள். திறக்கக் கூடாது. திரும்பப் பப்ளிக் ஆக்கச் சொல்லுங்கள். திறக்க வேண்டும். கணக்குக்குச் சொந்தக்காரரைத் தவிர வேறு யாரும் இதைச் செய்ய முடியாது. எந்த ஈமெயிலில் பதிவு செய்தார், இனிஷியல் முன்னாலா பின்னாலா என்ற சண்டையே வராது. இப்படிச் செய்யப் போகிறோம் என்று முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

நேர்பட பேசு:
இதற்கெல்லாம் பிஜிவி கம்பெனிக்குக் காசு கொடுத்தால் அவர்களே பார்த்துவிடுவார்களே சார்?

பழைய பிஜிவி ஆள்:
பார்ப்பார்கள். பெரும்பாலும் இதே இலவசப் பக்கங்களில்தான். பழைய கம்பெனி, முகவரி, டிகிரி இதற்கெல்லாம் அவர்கள் தேவை, அங்கே நேரில் போக வேண்டும், கடிதம் போட வேண்டும். சான்றிதழுக்கு அவர்களிடமிருந்து 'சரிபார்க்க முடியவில்லை' என்று வந்தால், அதைப் 'பொய்' என்று படித்துவிடாதீர்கள். இரண்டும் வேறு.

கோவை எச்ஆர்:
இன்று பேசிவிட்டேன். பேட்ஜை மூடித் திறந்து காட்டினார், சொன்ன மாதிரியே நடந்தது. கொஞ்சம் சிரித்துக்கொண்டார். அமேசான் சான்றிதழ் அவருடையதுதான்.

பிஎம்பி சான்றிதழும் அனுப்பினார். முதலில் பெற்றது நவம்பர் 2020. காலாவதி நவம்பர் 2023. பெயர் Manikandan Ramaswamy. நான் Ramasamy என்று தேடியிருந்தேன், ஒரு w குறை. இப்போது w போட்டும் தேடினேன், இல்லை. புதுப்பிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். "தேர்வு எழுதிப் பாஸ் ஆனது நான்தானே மேடம், ரெஸ்யூமில் 2020 என்று தேதியும் போட்டிருக்கிறேனே" என்கிறார். ஆனால் பெயருக்குப் பின்னால் பிஎம்பி என்றும் போட்டிருக்கிறார். எங்கள் முதலாளி இதை ஏமாற்று என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இனிஷியல் இல்லாதவள்:
ஏமாற்றுபவர் தேதியைப் போட்டிருக்க மாட்டார்.

நேர்பட பேசு:
பெயருக்குப் பின்னால் போட்டது தப்புதான் மேடம். அந்த உரிமை காலாவதியோடு போய்விட்டது.

பழைய பிஜிவி ஆள்:
அறிக்கையில் நான் எழுதுவது: "2020-இல் பெற்றதாகச் சான்றிதழ் காட்டுகிறது, பதிவேட்டில் உறுதி செய்ய இயலவில்லை, தற்போது நடப்பில் இல்லை." அதற்கு மேல் எழுத மாட்டேன். இன்னொன்று, வாடிக்கையாளரோடு போட்ட ஒப்பந்தத்தில் நடப்பிலுள்ள பிஎம்பி வேண்டும் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் முதலாளிக்கு வேறு கவலை வரும்.

கோவை எச்ஆர்:
ஐயோ, அதை நான் பார்க்கவில்லை. திங்கட்கிழமை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.