டிவியில் மலையாள ஆடியோவுக்குத் தமிழ் சப்டைட்டில் வரவைப்பது எப்படி?

வணக்கம். ஞாயிறு இரவுகளில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து மலையாளப் படம் பார்ப்போம். அப்பாவுக்கு நடிகர்களின் சொந்தக் குரல்தான் வேண்டும். தமிழ் டப்பிங் ஓடினால் எழுந்து போய்விடுவார். அம்மாவுக்கு ஆங்கில சப்டைட்டில் வாசிக்க வராது. ஆக, மலையாள ஆடியோவும் தமிழ் சப்டைட்டிலும் சேர்ந்து வர வேண்டும்.

கைபேசியில் அப்படியே வருகிறது. அதே கணக்கு, அதே படம், டிவியில் Audio & Subtitles திறந்தால் சப்டைட்டில் பகுதியில் ஆங்கிலம் மட்டும்தான். சில செயலிகளில் தமிழ்ப் பதிப்பும் மலையாளப் பதிப்பும் தனித்தனிப் படமாக இருக்குமே, அந்தக் குழப்பமும் இங்கே இல்லை.

டிவி செயலி, ப்ரொஃபைலில் குறித்த மொழிகளைப் பொறுத்துச் சிலவற்றை மட்டும் காட்டும் என்று உதவிப் பக்கத்தில் இருந்தது. அதனால் கணினியில் உலாவி வழியாகப் போய் மலையாளம், தமிழ் இரண்டையும் விருப்ப மொழிகளாகச் சேர்த்தேன். டிவியில் வெளியேறி மறுபடி நுழைந்தேன். ஆடியோவில் மலையாளம் மேலே வந்தது, சப்டைட்டில் மாறவில்லை.

மடிக்கணினியை எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தால் தமிழ் எழுத்து வருகிறது. ஆனால் படத்தை நிறுத்தவும் ஓடவிடவும் ஒவ்வொரு முறையும் நான்தான் எழ வேண்டும். டிவி கொஞ்சம் பழையது, செயலிக்குப் புதிய அப்டேட்டும் வருவதில்லை. பழைய செயலி தமிழ் எழுத்தைக் காட்ட முடியாமல் மறைக்கிறதா? தனியாக ஒரு ஸ்டிக் வாங்கி மாட்டினால் சரியாகுமா? வாங்கும் முன், இப்படிப் பார்ப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.