'இன்னும்' என்ற ஒரே சொல்லால் விருந்தாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

கானாடுகாத்தான், விருந்தினர் வீட்டு முகப்பில் வேலை பார்ப்பவர்

பழைய வளவு வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே வருகிறவர்களுக்கு அறை ஒதுக்குவது, கடிதம் எழுதுவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. போன மாதம் இங்கிலாந்திலிருந்து ஒரு தம்பதி அறை பதிவு செய்தார்கள். பாதிப் பணம் முன்பே வந்துவிட்டது. மீதி வரவில்லை. 'இன்னும் மீதிப் பணம் வரவில்லை' என்று நினைவூட்டத்தான் நினைத்தேன். எழுதியது இது: 'யூ ஸ்டில் ஹேவ் நாட் பெய்ட் த பேலன்ஸ்.'

மறுநாள் பதில் வந்தது. வந்து சேர்ந்த பிறகு கட்டலாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், பிறகு ஏன் இப்படிக் கடிந்துகொள்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். நான் யாரைக் கடிந்துகொண்டேன்? இலக்கணப் பிழை ஏதும் இல்லையே என்று நாலு முறை படித்துப் பார்த்தேன். அவர்கள் பல்லவனில் காரைக்குடி வந்து இறங்கிய இரவில், முகத்தில் சிரிப்பே இல்லாமல் பெட்டியை இறக்கிவைத்தார்கள். எங்கே தவறினேன்? இதுபோல் உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

காரைக்குடி, ஆங்கில ஆசிரியை

தம்பி, உங்கள் வாக்கியத்தில் பிழை இல்லை. ஆனால் அதில் ஒரு பெருமூச்சு இருக்கிறது. நம்முடைய 'இன்னும்' இரண்டு வேலை பார்க்கிறது, ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு ஆட்கள். 'யெட்' என்றால் நடக்கவில்லை, நடக்கும், நான் காத்திருக்கிறேன் என்று பொருள். 'ஸ்டில்' என்றால் இது எப்போதோ முடிந்திருக்க வேண்டும், முடியாமல் நீள்கிறது என்று பொருள். நீங்கள் எழுதியதைத் தமிழாக்கினால் 'இத்தனை நாளாகியும் நீங்கள் பணம் கட்டவில்லை' என்றாகிறது. அவர்கள் கோபித்ததில் வியப்பில்லை.

என் மாணவர்களுக்கு நான் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. 'இன்னும்' இருக்கும் இடத்தில் 'இத்தனை நேரமாகியும்' என்று போட்டுப் பாருங்கள். நீங்கள் சொல்ல வந்தது அதுதான் என்றால் ஸ்டில். 'அடடா, அவ்வளவு கடுமையாகச் சொல்ல வரவில்லையே' என்று தோன்றினால் யெட். உங்கள் கடிதத்துக்கு 'வீ ஹேவ் நாட் ரிசீவ்ட் த பேலன்ஸ் யெட்' போதும். 'நீங்கள் கட்டவில்லை' என்பது 'எங்களுக்கு வரவில்லை' என்று மாறியதையும் கவனியுங்கள். பாதிக் கோபம் அந்த 'யூ'வால் வந்தது.

இடமும் முக்கியம். யெட் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் உட்காரும். ஸ்டில், 'ஹேவ் நாட்'டுக்கு முன்னால் நிற்கும். 'ஹேவ் நாட் ஸ்டில் பெய்ட்' என்று நடுவில் செருகுவதை விடைத்தாள்களில் வாரம் இருபது முறை சிவப்பு மையால் சுழிக்கிறேன்.

பள்ளத்தூர், சமையல்கட்டு

எங்கள் விடுதியில் பந்தி பரிமாறும் பையன் ஒரு வெள்ளைக்காரரிடம் 'ஸ்டில் டூ பணியாரம்?' என்று கேட்டான். இன்னும் இரண்டு வைக்கட்டுமா என்று கேட்டானாம். அவர் இலையைக் குனிந்து பார்த்து, 'நோ, ஒன்லி ஒன்' என்றார். பாவம், இலையில் மீதி எத்தனை என்று எண்ணச் சொல்கிறான் என்று நினைத்துவிட்டார். மூன்றாவது முறை கேட்ட பிறகுதான் நான் போய்க் கரண்டியை நீட்டிக் காட்டினேன். இதற்கு யெட்டா, ஸ்டில்லா டீச்சர்?

காரைக்குடி, ஆங்கில ஆசிரியை

இரண்டும் இல்லை. அது 'மோர்'. நம் 'இன்னும்' மூன்று வேலை பார்க்கிறது என்று திருத்திக்கொள்கிறேன்.

தேவகோட்டை, ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்

இவ்வளவு சுற்றுவானேன்? ஆல்ரெடி, யெட், ஜஸ்ட் இந்த மூன்றில் ஒன்று வந்தால் வினை ஹேவ் அல்லது ஹேஸ் என்றுதான் தொடங்க வேண்டும். எங்கள் காலத்தில் பிரம்படி கொடுத்துச் சொல்லித் தந்தார்கள். போன வருடம் ஆத்தங்குடி மாளிகை ஒன்றைப் பார்க்க வந்த அமெரிக்கர் என்னிடம் 'டிட் யூ ஈட் யெட்?' என்று கேட்டார். 'ஹேவ் யூ ஈட்டன் யெட் என்றல்லவா கேட்க வேண்டும்' என்று அங்கேயே திருத்தினேன். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

காரைக்குடி, ஆங்கில ஆசிரியை

அண்ணன் சொல்வது இங்கிலாந்து வழக்கு, தேர்வில் மதிப்பெண் வாங்கித் தருவதும் அதுதான். ஆனால் அந்த அமெரிக்கர் பிழையாகப் பேசவில்லை. 'டிட் யூ ஈட் யெட்', 'ஐ ஆல்ரெடி ஏட்', 'ஹி ஜஸ்ட் லெஃப்ட்' எல்லாம் அமெரிக்காவில் அன்றாடப் பேச்சு. லண்டன்காரர் அதே இடத்தில் 'ஹி ஹேஸ் ஜஸ்ட் லெஃப்ட்' என்றே பெரும்பாலும் சொல்வார். அவர் சிரித்ததன் காரணம் வேறாக இருக்கலாம், அண்ணன்.

ஹேவ் இல்லாமல் ஆல்ரெடி வராது என்பதும் சரியில்லை. 'ஹி இஸ் ஆல்ரெடி ஹியர்', 'ஐ ஆல்ரெடி நோ' என்று இரண்டு நாட்டாரும் சொல்கிறார்கள். முடிந்த செயலுக்கு ஹேவ், இருக்கும் நிலைக்கு நிகழ்காலமே போதும். ஸ்டில்லும் அப்படித்தான். 'ஹி இஸ் ஸ்டில் ஸ்லீப்பிங்' என்பதில் ஹேவுக்கு என்ன வேலை?

தேவகோட்டை, ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்

இருப்பது வேறு, செய்வது வேறு. அதை ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்கர் விஷயத்தை ஒப்புக்கொள்ள மாட்டேன். பேரன் அதை விடைத்தாளில் எழுதினால் மதிப்பெண் தருவீர்களா?

காரைக்குடி, ஆங்கில ஆசிரியை

விடைக்குறிப்பில் இல்லாததற்கு மதிப்பெண் போட எனக்கு அதிகாரம் இல்லை. சுழிக்கவும் மனம் வருவதில்லை. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு விட்டுவிடுகிறேன்.

ஆத்தங்குடி, ஓடு பட்டறை

என் கதையைக் கேளுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் 600 பூக்கல் கேட்டிருந்தார். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, நிறம் ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு ஒவ்வொன்றாகக் கையால் செய்கிற வேலை, பிறகு தண்ணீரில் ஊற வேண்டும். முதல் 200 முடிந்தவுடன் மகிழ்ச்சியாக எழுதினேன்: 'வீ ஹேவ் மேட் ஜஸ்ட் 200 டைல்ஸ்.' இப்போதுதான் 200 முடித்தோம் என்று சொன்னதாக என் நினைப்பு. அவர் பதறிப்போய், இத்தனை நாளில் இவ்வளவுதானா, வேறு ஆளைப் பார்க்கட்டுமா என்று எழுதிவிட்டார்.

சிங்கப்பூரில் இருக்கும் பள்ளத்தூர்க்காரர்

ஜஸ்ட் எங்கே நிற்கிறதோ அதைத்தான் பிடித்துக்கொள்ளும். 200க்கு முன்னால் வைத்தீர்கள், '200 மட்டும்தான்' ஆகிவிட்டது. 'ஹேவ் ஜஸ்ட் மேட்' என்று வினைக்கு முன்னால் வைத்திருந்தால் 'இப்போதுதான்' ஆகியிருக்கும். நம் 'தான்' செய்கிற வேலைதான். 'இப்போதுதான் 200 முடிந்தது', 'இப்போது 200தான் முடிந்தது'. தமிழில் நாம் ஒருநாளும் குழம்ப மாட்டோம்.

ஆல்ரெடிக்கு இவ்வளவு சட்டம் எதற்கு என்றும் தெரியவில்லை. இங்கே எல்லோரும் கடைசியில் ஒரு ஆல்ரெடி போட்டு முடித்துவிடுகிறோம். 'ஐ ஈட் ஆல்ரெடி.' சாப்பிட்டாயிற்று. தமிழுக்கு இதைவிடப் பொருத்தமாக ஆங்கிலம் வருமா?

காரைக்குடி, ஆங்கில ஆசிரியை

ஜஸ்ட் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஹேவை விட்டுவிட்டு 'வீ ஜஸ்ட் மேட் 200' என்று எழுதினால் இரண்டு பொருளும் வரும், பேசும்போது குரல்தான் காப்பாற்றும். கடிதத்தில் குரல் இல்லை. ஆகவே எண்ணிக்கை வரும் கடிதத்தில் ஹேவோடு எழுதுவது நல்லது.

ஆல்ரெடி விஷயம் வேறு. நீங்கள் சொல்வது சிங்கப்பூர் வழக்கு. சீன மொழிகளில் வாக்கியத்தின் கடைசியில் வரும் ஒரு சிறு சொல்லின் வேலையை அங்கே ஆல்ரெடி செய்கிறது. நம் 'ஆயிற்று'க்குப் பொருந்துவது நமக்கு வாய்த்த நல்ல காலம். அங்கே மதிப்பாகப் பேசலாம், லண்டன் கடிதத்தில் வேண்டாம்.

கேள்வியில் ஆல்ரெடி போடுவதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. இலையில் உட்கார்ந்திருப்பவரிடம் 'ஹேவ் யூ ஃபினிஷ்ட் ஆல்ரெடி?' என்றால், 'அதற்குள்ளேயா முடித்துவிட்டீர்கள்?' என்று வியப்பதாகும். சும்மா கேட்பதென்றால் யெட்.

கண்டனூர், வீட்டிலிருந்து கணக்கு எழுதுபவர்

என்னை ஒரு அலுவலகத்தில் இதற்காகவே கேலி செய்தார்கள். 'ஐ ஹேவ் ஆல்ரெடி சென்ட் இட் யெஸ்டர்டே இட்செல்ஃப்' என்று எழுதினேன். வெளிநாட்டு மேலாளர் 'இட்செல்ஃப்' என்பதற்குக் கோடு போட்டுக் கேள்விக்குறி வைத்தார். பிறகு 'ஹேவ்'வுக்கும் கோடு. ஒரு வாக்கியத்தில் இரண்டு கோடு வாங்கிய ஆள் நான்தான்.

காரைக்குடி, ஆங்கில ஆசிரியை

தமிழ் உள்ளே நின்று எழுதவைத்த வாக்கியம் இது. 'நேற்றே அனுப்பிவிட்டேன்' என்கிறோம். அந்த 'ஏ'தான் உங்களிடம் இட்செல்ஃப் ஆனது, 'விட்டேன்' ஹேவ் ஆனது. தமிழில் 'நேற்று'ம் 'விட்டேன்'னும் சண்டை போடுவதில்லை. ஆங்கிலத்தில் யெஸ்டர்டே வந்துவிட்டால் ஹேவ் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடும். 'ஐ சென்ட் இட் யெஸ்டர்டே' அல்லது 'ஐ ஹேவ் ஆல்ரெடி சென்ட் இட்'. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்த 'ஏ' சொல்லும் பொருளை ஆல்ரெடியே சுமந்துகொள்ளும்.

தேவகோட்டை, ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்

முப்பது வருடம் இட்செல்ஃப் போட்டு எழுதியிருக்கிறேன். ஒருவரும் கோடு போட்டதில்லை.

கண்டனூர், வீட்டிலிருந்து கணக்கு எழுதுபவர்

படித்தவர்கள் எல்லோரும் நம் ஊர்க்காரர்களாக இருந்திருப்பார்கள், ஐயா.

ஆத்தங்குடி, ஓடு பட்டறை

இப்போது அவருக்கு எழுத வேண்டியிருக்கிறது. மூன்றாம் தவணை ஓடு தண்ணீரில் கிடக்கிறது. 'த டைல்ஸ் ஆர் ஸ்டில் இன் த வாட்டர்' என்று எழுதினால் தாமதிக்கிறேன் என்று நினைப்பாரா?

கானாடுகாத்தான், விருந்தினர் வீட்டு முகப்பில் வேலை பார்ப்பவர்

அண்ணன், நானும் இப்போதுதான் கற்றுக்கொண்டவன், ஆனாலும் சொல்கிறேன். அதில் இல்லை என்ற சொல் எதுவும் இல்லாததால் ஸ்டில்தான் வரும். யெட் அங்கே நிற்காது. ஆனால் அவர் ஏற்கெனவே பொறுமை இழந்தவர். 'தே நீட் த்ரீ மோர் டேஸ் இன் த வாட்டர்' என்று நாளைச் சொல்லிவிட்டால் வம்பே இல்லை. டீச்சர் பார்த்துச் சொல்லட்டும்.

என் தம்பதி நேற்றுக் காலை கிளம்பினார்கள். பணத்தை முதல் நாளே கட்டிவிட்டார்கள். அந்தக் கடிதத்துக்கு வருத்தம் தெரிவித்து, தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்று விளக்கினேன். அந்த அம்மா 'இன்னும், இன்னும்' என்று சொல்லிப் பழகிக்கொண்டு, காலைப் பலகாரத்தின்போது கந்தரப்பத்தைக் காட்டி 'இன்னும்' என்றார். பையன் இரண்டு வைத்தான்.