பேரியம் அரை ஆயுள் 153க்குப் பதில் 167 நொடி: உங்களுக்கும் வந்திருக்கிறதா?

லேப்_மாணவி
சீசியம்-137 ஜெனரேட்டரில் உப்பும் துளி ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த நீரைச் செலுத்தி, வரும் பேரியம்-137mஐத் தட்டில் பிடித்து, ஜி.எம். ட்யூபுக்கு அடியில் வைத்து, 10 நொடிக்கு ஒரு ரீடிங்காக 15 நிமிடம் எடுத்தோம். முதல் ரீடிங் சுமார் 3000. ஜெனரேட்டரைத் தொடும் முன் எடுத்த பின்னணி 4. அதைக் கழித்து, மடக்கை எடுத்து, நேர்கோடு பொருத்தினால் 167 ± 1 நொடி வருகிறது. புத்தகத்தில் 153. எங்கள் குழுவில் ஒருவன் ±1ஐ ±15 ஆக்கிவிடலாம் என்கிறான்!

கவுண்ட்டர்_ராஜா
டெட் டைம்தான், வேறென்ன. ஆரம்பத்தில் ட்யூப் திணறி எண்ணிக்கையை விட்டுவிடும், அரை ஆயுள் நீளமாகத் தெரியும். எங்கள் காலேஜிலும் இதே கதை.

பழைய_டெமான்ஸ்ட்ரேட்டர்
திசை சரி, அளவு போதாது. நொடிக்கு 300 எண்ணிக்கை, டெட் டைம் 100 மைக்ரோ நொடி என்றால் இழப்பு 3 சதவீதம்தான், அதுவும் தொடக்கத்தில் மட்டும். ஒரு நொடி போல நகரும், 14 நகராது. வால் பகுதியைப் பாருங்கள். 15ஆவது நிமிடத்தில் பேரியம் கிட்டத்தட்ட 50 எண்ணிக்கைக்கு இறங்கியிருக்க வேண்டும், உங்களுக்கு எவ்வளவு?

லேப்_மாணவி
70லிருந்து 85 வரை. ஒரு மணி நேரம் கழித்து அதே தட்டை வைத்துப் பார்த்தோம், 30 வந்தது.

பழைய_டெமான்ஸ்ட்ரேட்டர்
அப்போது உங்கள் உண்மையான பின்னணி 30, 4 இல்லை. சீசியம் கொஞ்சம் கசிந்து தட்டில் விழுந்திருக்கலாம், இல்லையென்றால் ஜெனரேட்டர் ட்யூபுக்குப் பக்கத்திலேயே இருந்து அதற்குள் பேரியம் மறுபடி வளர்ந்திருக்கலாம். மடக்கை எடுக்காமல், இப்படிப் பொருத்துங்கள்:

`N(t) = A*exp(-k*t) + B`

Bயையும் பொருத்தமே கண்டுபிடிக்கட்டும். மறுபடி வளர்வதும் அதே kயில்தான் நடக்கும் என்பதால் அது Aயிலும் Bயிலும் அடங்கிவிடும், k கெடாது. ஒவ்வொரு ரீடிங்கின் பிழையும் அதன் வர்க்கமூலம். `curve_fit` பயன்படுத்தினால் `absolute_sigma=True` கொடுங்கள், இல்லாவிட்டால் அது பிழையைத் தானாகவே நீட்டிச் சுருக்கிவிடும்.

தோரான்_பிரியை
தோரியம் உப்பு பாட்டிலிலிருந்து வாயுவை அழுத்தி எடுத்து நாங்கள் ரேடான்-220 செய்தோம், 56 நொடிக்குள் பாதி போய்விடும், ரீடிங் எழுதவே கை போதாது. ஆமாம், உங்கள் தட்டை மூடியா வைத்தீர்கள்? வாயு தப்பித்துவிடுமே?

லேப்_மாணவி
எங்களுடையது வாயு இல்லை, கரைசல் 🙂 டெட் டைமைத் திருத்தி, Bயைத் திறந்து விட்டுப் பொருத்தியதில் 153.8 ± 1.2 நொடி, B 30க்குப் பக்கத்தில். முதல் 2 நிமிடத்தை வெட்டினாலும் கடைசி 3 நிமிடத்தை வெட்டினாலும் பிழைக்குள்தான் நிற்கிறது. பழைய முறையில் வாலை வெட்டினால் விடை சரசரவென்று இறங்கியது.

கவுண்ட்டர்_ராஜா
சரி, கசிவா ஜெனரேட்டரா?

லேப்_மாணவி
தட்டை எடுத்துவிட்டு ஒரு ரீடிங் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். அதற்குள் அடுத்த பேட்ச் வந்துவிட்டது, தட்டு கழிவுப் பெட்டிக்குப் போய்விட்டது.